போர்டு ரேட், புரொமோ ரேட், கையில் வரும் வெள்ளி

"தம்பி, போன வாரம் மூணே முக்கால்னு போட்டிருந்தான். இந்த வாரம் மூணரைங்கிறான். பலகையில பாத்தா ரெண்டு சொச்சம்தான் இருக்கு. எதைத்தான் நம்புறது?"

சிலிபின் ரோட்டோர ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்க, கிராணியார் கேட்டது இதுதான். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதியவர். தோட்டம் போய்விட்டது, கிராணியார் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வைத்திருக்கும் பணத்தை ஐந்து வங்கிகளின் எஃப்டியில் மாற்றி மாற்றிப் போடுகிறார். வாரா வாரம் ரேட் பார்த்து, நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதுவார். அடுத்த வாரம் அதையே அடித்துவிட்டுப் புதுசை எழுதுவார். அவருக்கு அன்று சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

பலகையில் தொங்குவது போர்டு ரேட். நாளிதழிலும் வங்கி வாசல் பதாகையிலும் பெரிய எழுத்தில் இருப்பது புரொமோ ரேட். இரண்டும் ஒரே வங்கியின் ரேட்தான், ஆனால் இரண்டையும் ஆட்டி வைப்பது ஒன்றல்ல.

போர்டு ரேட் பேங்க் நெகாராவைப் பார்த்து நகரும். பேங்க் நெகாராவின் நாணயக் கொள்கைக் குழு வருடத்துக்கு ஆறு தடவை கூடி, ஓபிஆர் என்ற வட்டி விகிதத்தை முடிவு செய்கிறது. கூட்டத் தேதிகளை முன்னரே அறிவித்துவிடுவார்கள். 2023 மே 3 முதல் அது 3.00 விழுக்காடாக இருந்தது. 2025 ஜூலை 9-இல் 2.75 ஆக்கினார்கள். அதற்குப் பிறகு சில நாட்களிலேயே பெரிய வங்கிகள் தங்கள் எஃப்டி ரேட்டைக் கீழே இறக்கிவிட்டன. கூட்டம் இல்லாத வாரங்களில் பலகை பெரும்பாலும் அசையாது. அந்த வாரங்களில் அதைப் போய்ப் பார்ப்பது வீண்தான்.

புரொமோ அப்படியில்லை. ஒரு வங்கிக்கு வெளியிலிருந்து புதுப்பணம் தேவைப்பட்டால் ரேட்டை ஏற்றும். போதும் என்று தோன்றினால் சத்தமில்லாமல் நிறுத்திவிடும். பெரும்பாலும் மாதத் தொடக்கத்திலோ காலாண்டுத் தொடக்கத்திலோ மாறும், இடையிலும் மாறும். வாரம் ஒரு முறை பார்ப்பது இதற்காகத்தான். வாரம் ஒரு முறை பணத்தை நகர்த்த வேண்டும் என்பதற்காக அல்ல. கிராணியாரிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "பாத்துட்டு சும்மா இருக்கவா பாக்கறது?" என்றார். ஆமாம், பெரும்பாலான வாரங்களில் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பதுதான் வேலை. முடிவு எடுக்கும் நாள் ஒன்றே ஒன்று. கையிலிருக்கும் எஃப்டி முதிரும் நாள். மற்ற வாரங்கள் எல்லாம் அந்த நாளுக்கான தயாரிப்பு.

சரி, தாளுக்கு வருவோம். கூகுள் ஷீட்ஸ் போதும், இல்லையென்றால் ஒரு நீள நோட்டுப் புத்தகம். முதல் பக்கத்தில் ஒரு வாரத்துக்கு ஒரு வரி. இடது ஓரத்தில் தேதி, அடுத்து அன்றைய ஓபிஆர், அதற்கடுத்து ஐந்து வங்கிகளின் 12 மாதப் புரொமோ ரேட், கடைசியில் குறிப்பு. எல்லா வங்கிக்கும் ஒரே தவணையை எழுதவேண்டும் என்பது முக்கியம். வங்கிகள் 5 மாதம், 10 மாதம், 15 மாதம் என்று விசித்திரமான தவணைகளைக் கொண்டுவரும். ரேட் எல்லாம் ஆண்டுக்கணக்கில்தான் சொல்வார்கள். 3 மாதத்துக்கு 4 விழுக்காடு என்றால் கையில் வருவது ஒரு விழுக்காடுதான், மீதி ஒன்பது மாதத்துக்கு என்ன ரேட் கிடைக்கும் என்பது தெரியாத கணக்கு. அதனால் 12 மாதம் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வேறு தவணையில் நல்லது வந்தால் குறிப்பில் எழுதலாம்.

இரண்டாவது விதி, பழைய எண்ணை அழிக்கக் கூடாது. கிராணியார் செய்த தவறு அதுதான். போன வாரம் 3.75, இந்த வாரம் 3.50 என்று கீழே கீழே எழுதி வந்தால்தான், ஒரு வங்கி மட்டும் இறக்குகிறதா, ஐந்தும் சேர்ந்து இறக்குகின்றனவா என்று தெரியும். ஒன்று மட்டும் இறக்கினால் அதன் தேவை தீர்ந்துவிட்டது, மற்றதைப் பார்க்கலாம். ஐந்தும் சேர்ந்து இறக்கினால் ஓபிஆர் குறைந்திருக்கிறது அல்லது குறையும் என்று வங்கிகள் எதிர்பார்க்கின்றன. அப்போது காத்திருந்து பெரிதாகப் பயனில்லை.

தாளை வெறுமையாகத் தொடங்காமல் மேலே ஓபிஆரின் பழைய கதையையும் எழுதி வைக்கச் சொன்னேன். 2020 ஜனவரிக்கு முன் 3.00. ஜனவரி 22-இல் 2.75, மார்ச் 3-இல் 2.50, மே 5-இல் 2.00, ஜூலை 7-இல் 1.75. ஆறு மாதத்துக்குள் நான்கு தடவை இறங்கியது. அந்த ஆண்டு ஜனவரி முதல் வாரத்தில் 12 மாதத்துக்குப் போட்டவர் பழைய ரேட்டிலேயே அடுத்த ஜனவரி வரை இருந்தார். மாதாமாதம் புதுப்பித்துக்கொண்டே வந்தவர் ஒவ்வொரு படியிலும் இறங்கினார். ஆனால் உடனே நீளத் தவணைதான் நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2022 மே 11 முதல் 2023 மே 3 வரை ஓபிஆர் ஐந்து தடவை ஏறி 1.75-லிருந்து 3.00-க்குப் போனது. 2022 ஏப்ரலில் 12 மாதத்துக்குக் கட்டியவர் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருப்பார். அடுத்த கூட்டத்தில் என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் பணத்தை நான்கு பங்காக்கி மூன்று மாதத்துக்கு ஒன்று முதிரும்படி போடுவது. ஏறினாலும் இறங்கினாலும் கால் பங்குதான் பாதிக்கப்படும்.

இனி புரொமோவின் நிபந்தனைகள். இதற்குத் தனி இடம் ஒதுக்கவேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் நடப்பது இங்கேதான். பெரும்பாலான புரொமோ "ஃபிரெஷ் ஃபண்ட்ஸ்" கேட்கும். வேறு வங்கியிலிருந்து வரும் புதுப்பணம் என்று பொருள். அதே வங்கியில் முதிர்ந்த எஃப்டியை அந்தப் புரொமோவுக்குள் திருப்பிப் போட முடியாது. இரண்டு வங்கிக்கிடையே பணத்தை மாற்றி மாற்றிப் போடும் பழக்கம் இதனால்தான் வந்தது. குறைந்தபட்சத் தொகை 10,000 வெள்ளி என்றும் இருக்கும், கவுண்டரில் இல்லாமல் ஆப் வழியாகப் போட்டால் மட்டும் என்றும் இருக்கும்.

அடுத்த வகை கூட்டுச் சலுகை. "4.20 விழுக்காடு!" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். கீழே சின்ன எழுத்தில், தொகையில் 30 விழுக்காட்டைச் சேமிப்புக் கணக்கில் தவணை முடியும்வரை வைத்திருக்கவேண்டும் என்று இருக்கும். கிராணியாரை மயக்கியது இந்த மாதிரி ஒன்றுதான். கணக்குப் போட்டுப் பார்த்தோம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக எடுத்தவை. 60,000 வெள்ளியில் 42,000 எஃப்டியில் 4.20-க்கு, வருடத்துக்கு 1,764 வெள்ளி. மீதி 18,000 சேமிப்புக் கணக்கில் 0.25-க்கு, 45 வெள்ளி. சேர்த்தால் 1,809. எந்த நிபந்தனையும் இல்லாமல் 3.50 தருகிற பக்கத்து வங்கியில் அதே 60,000-க்கு 2,100 வெள்ளி. 4.20 என்று விளம்பரம் செய்த இடத்தில் உண்மை ரேட் 3.015 தான்.

"ஓ" என்றார். பிறகு தானாகவே, "தோட்டத்துல பால் நிறுத்தாலும் மெட்ரோலாக்கை விட்டுப் பாத்துத்தானே காய்ஞ்ச கித்தா எவ்வளவுன்னு எழுதுவோம். வாளியில எவ்வளவு இருக்குன்னு பாத்துக் கூலி போட்டா தண்ணிக்கும் சேத்துக் கூலி போயிரும்" என்றார். இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. தாளில் விளம்பர ரேட்டுக்குப் பக்கத்தில் உண்மை ரேட் என்று ஒரு கட்டம் போட்டோம். எந்த எண்ணையும் அந்தக் கட்டம் நிரம்பாமல் ஒப்பிடக் கூடாது. மாதாமாதம் ஏறிக்கொண்டே போய்க் கடைசி மாதத்தில் மட்டும் உச்ச ரேட் கொடுக்கும் படிக்கட்டு எஃப்டிகளுக்கும் இதே விதிதான். எல்லா மாதத்தையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் உண்மை தெரிந்துவிடும். எஃப்டியோடு யூனிட் டிரஸ்ட் அல்லது காப்புறுதியைச் சேர்த்துக் கட்டச் சொன்னால், அதை இந்தத் தாளில் எழுதவே வேண்டாம். அது வேறு சரக்கு.

இரண்டாவது பக்கம், சொந்த எஃப்டிகளுக்கு. ஒவ்வொரு வைப்புக்கும் ஒரு வரி. A-யில் போட்ட தேதி, B-யில் முதிரும் தேதி, C-யில் தொகை, D-யில் ரேட், E-யில் நாட்கள், F-இல் வட்டி, G-யில் முதிரும் நாளின் கிழமை. ஷீட்டில் இப்படி எழுதினால் கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும்:

```
B2: =EDATE(A2,12)
E2: =B2-A2
F2: =C2*D2/100*E2/365
G2: =WEEKDAY(B2,2)
```

முதல் வரியிலுள்ள 12 என்பது மாதம், 6 மாதத் தவணையென்றால் 6 என்று மாற்றவேண்டும். கடைசி வரி 6 அல்லது 7 காட்டினால் முதிரும் நாள் சனி அல்லது ஞாயிறு. அன்று கவுண்டர் திறந்திருக்காது, ஆப்பில் என்ன செய்யலாம் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும். வங்கி தந்த ரசீதில் உள்ள வட்டித் தொகையும் F2-வும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். ஓரிரண்டு காசு வித்தியாசம் பரவாயில்லை. வெள்ளிக் கணக்கில் வித்தியாசம் வந்தால், ரேட்டைத் தப்பாக எழுதியிருக்கிறோம் அல்லது புரொமோவுக்குப் பதிலாகப் போர்டு ரேட் போட்டுவிட்டார்கள். அன்றே கவுண்டரில் கேட்டுவிடுவது சுலபம். ஆறு மாதம் கழித்துக் கேட்பது வம்பு.

இந்தப் பக்கத்தில் இன்னும் ஒரு கட்டம் வேண்டும். "முதிர்ந்ததும் என்ன?" என்ற கட்டம். எஃப்டி போடும்போது, முதிர்ந்தால் தானாகப் புதுப்பிப்பதா, சேமிப்புக் கணக்குக்குப் போவதா என்று கேட்பார்கள். பெரியவர்கள் யோசிக்காமல் முதலாவதற்குத் தலையாட்டிவிடுவார்கள். பிரச்சினை என்னவென்றால் தானாகப் புதுப்பித்தால் பெரும்பாலும் போர்டு ரேட்தான் கிடைக்கும். மேலே சொன்ன எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். 60,000 வெள்ளி 3.50-க்கு ஒரு வருடம் போட்டது முதிர்கிறது. போர்டு ரேட் 2.20 என்று வைத்துக்கொண்டால், மறந்துபோய் விட்டுவிட்ட அந்த அடுத்த வருடத்துக்கு 1,320 வெள்ளிதான். வேறு வங்கியில் 3.50 கிடைத்திருந்தால் 2,100. ஒரு மறதிக்கு 780 வெள்ளி. ரேட்டில் கால் விழுக்காட்டுக்காக வாரா வாரம் ஊரைச் சுற்றுகிறவர் இங்கே அதைப்போல் ஐந்து மடங்கை விட்டுவிடுகிறார். புதுப்பிக்கப்பட்ட பிறகு சில நாள் அவகாசம் தரும் வங்கிகளும் இருக்கின்றன. எத்தனை நாள் என்று கேட்டு அந்தக் கட்டத்திலேயே எழுதுங்கள்.

முதிரும் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் முதல் பக்கத்தைத் திறந்து உண்மை ரேட்டுகளைப் பாருங்கள். இங்கே இன்னொரு கணக்கு வருகிறது. பணத்தை ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும்போது அது சில நாள் சும்மா கிடக்கும். வார இறுதி, பொது விடுமுறை, ஆப்பின் தினசரி வரம்பு எல்லாம் குறுக்கே நிற்கும். 60,000 வெள்ளி ஐந்து நாள் சும்மா கிடந்தால், 3.50 ரேட்டில் ஏறக்குறைய 29 வெள்ளி போகும். இன்னொரு வங்கி 0.10 அதிகம் தருகிறது என்றால் வருடத்துக்கு லாபம் 60 வெள்ளி. அதில் 29 போய், டௌனுக்குப் போய் வந்த செலவும் போனால் என்ன மிச்சம்? ஆறு மாதத் தவணையென்றால் லாபமே 30 தான், அப்போது கைநஷ்டம். இதனால் கிராணியாரின் தாளில் நாங்கள் வைத்துக்கொண்ட எல்லை, 12 மாதத்துக்கு 0.20-க்குக் கீழே வித்தியாசம் என்றால் நகர்வதில்லை. இது அவர் தொகைக்கும் அவர் உடம்புக்கும் ஏற்றபடி வைத்தது. கையில் இரண்டு லட்சம் உள்ளவருக்கு 0.10 கூட 200 வெள்ளி, அவர் எல்லை வேறாக இருக்கும்.

நடுவில் நல்ல ரேட் வந்தால் உடைத்து மாற்றிக்கொள்ளலாமா? இதுதான் அவருடைய அடுத்த கேள்வி. கூடாது. 2019 ஜனவரி 1-க்கு முன்னால் போட்ட எஃப்டியை மூன்று மாதம் தாண்டி உடைத்தால் முடிந்த மாதங்களுக்குப் பாதி வட்டியாவது கிடைக்கும் என்ற வழக்கம் இருந்தது. அந்தத் தேதியிலிருந்து போட்ட வழக்கமான எஃப்டியைத் தவணைக்கு முன் உடைத்தால், எத்தனை மாதம் முடிந்திருந்தாலும் வட்டி கிடையாது. 60,000 வெள்ளியை 3.50-க்குப் போட்டு எட்டு மாதம் ஓடிய பிறகு உடைத்தால் 1,400 வெள்ளி காற்றில் போகும். புது ரேட் அரை விழுக்காடு அதிகம் என்றாலும் மிச்ச நான்கு மாதத்துக்கு லாபம் 100 வெள்ளி. கணக்கே உதவாது.

பணத்தைப் பங்கு போடுவதற்கு இது இரண்டாவது காரணம். திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் ஒரே 120,000 வெள்ளி எஃப்டியை உடைப்பதற்குப் பதிலாக, நான்கு 30,000-இல் போன வாரம்தான் போட்ட ஒன்றை உடைத்தால் போதும். இழப்பது ஒரு வார வட்டி. எதை உடைப்பது என்பதும் இரண்டாம் பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். மிகக் குறைவாக ஓடியிருப்பது எதுவோ அதுதான்.

பாதுகாப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். பிஐடிஎம் என்று சொல்லும் மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதி நிறுவனத்தில் உறுப்பினராக இருக்கும் வங்கியில், ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 வெள்ளிவரை காப்பு உண்டு. முதலும் வட்டியும் சேர்த்துத்தான் அந்த 250,000. எனவே சரியாக 250,000 போட்டால் வட்டி காப்புக்கு வெளியே நிற்கும். வழக்கமான வைப்புக்கும் இஸ்லாமிய வைப்புக்கும் தனித்தனிக் காப்பு, கூட்டுக் கணக்குக்கும் தனி. நம் பக்கத்து ஆட்கள் பலருக்கு இந்த வரம்பு எட்டாத உயரம்தான், ஆனாலும் தோட்டம் விற்றபோது வந்த நஷ்டஈடு, வீடு விற்ற காசு எல்லாம் ஒன்றாகக் கிடைத்தால் நினைவில் இருக்கவேண்டும்.

கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கும் பணம் இந்தக் காப்புக்குள் வராது. சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வைத்திருக்கும் குடும்பங்கள் இந்த ஈப்போ வட்டாரத்தில் ஏராளம். அங்கே வருவது டிவிடென்ட். சங்கத்தின் வரவு செலவைப் பொறுத்தது, கூட்டுறவு ஆணையத்தின் மேற்பார்வையில் நடப்பது. எஃப்டியின் வட்டி முன்கூட்டியே எழுதிக் கொடுத்த வாக்கு. இரண்டும் ஒரே கட்டத்தில் வந்தால் எது பெரிது என்று கேட்கத் தோன்றும். அதனால் கிராணியாரின் கூட்டுறவுப் பங்குக்கு மூன்றாவது பக்கம் ஒதுக்கினோம்.

அதே மூன்றாம் பக்கத்தில் சேமநிதிக்கும் ஒரு வரி உண்டு. 55 வயதில் ஈபிஎஃப் பணத்தை முழுக்க எடுத்து எஃப்டியில் போட்டவர்கள் நிறைய பேர். வங்கியில் இருந்தால்தான் நம்முடையது என்ற நம்பிக்கை. ஈபிஎஃப் 2024-ஆம் ஆண்டுக்கு வழக்கமான கணக்குக்கு 6.30 விழுக்காடு லாபஈவு கொடுத்தது, 2023-க்கு 5.50. வழக்கமான சேமிப்புக்கு ஆண்டுக்கு 2.50-க்குக் குறையாமல் தரவேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. எடுக்காமல் விட்ட தொகை 100 வயதுவரை அங்கேயே லாபஈவு சம்பாதிக்கும். வேண்டும்போது பகுதி பகுதியாக எடுத்துக்கொள்ளலாம். கிராணியார் எடுத்துவிட்டார், திருப்பிப் போக வழி தேடுவதை வேறு நாள் பேசுவோம் என்றேன். ஆனால் இன்னும் எடுக்காதவர், ஐந்து வங்கியின் புரொமோவை ஒப்பிடுவதற்கு முன்னால் அந்த வரியைத்தான் முதலில் எழுதவேண்டும். 3.50-க்கும் 3.70-க்கும் அலைந்து கொண்டிருப்பவர் 6.30-ஐ விட்டுவிட்டு வந்திருந்தால், அலைந்ததில் என்ன சம்பாதித்தார் என்று கேட்டால் பதில் கஷ்டம்தான்.

"இப்ப நான் என்ன செய்யணும் சொல்லு" என்றார். திங்கட்கிழமை காலையில் கால் மணி நேரம். ஐந்து வங்கியின் வலைப்பக்கத்தையோ ஆப்பையோ திறந்து, 12 மாதப் புரொமோ, முடியும் தேதி, நிபந்தனை, உண்மை ரேட். மாறவில்லை என்றாலும் எழுதுங்கள். அவருடைய முதல் எஃப்டி முதிர்வது மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதனால் பிப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமையன்று வங்கிக்குப் போய், தானாகப் புதுப்பிக்கும் உத்தரவை நீக்கிவிட்டு, தொகையைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்கப்போகிறார். ஐசியும் எஃப்டி ரசீதும் மறக்காமல் எடுத்துப் போகச் சொன்னேன்.